சன்னலோர மேஜையின் சார்பில்

ஊரில் யார் செத்தாலும் டாக்டருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் ஆள் வரும். டாக்டர் உறுதி செய்வார், நான் அறிவிப்பேன். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலை ஓரமாக மைக்செட் கடை வைத்திருந்தேன். வாடகைக் காரின் தலையில் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவேன். "அன்னாரின் இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணியளவில் அன்னாரது இல்லத்திலிருந்து..." என்று தொடங்கினால் கடைவீதியில் தராசு நிற்கும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும்கூடக் குழாய் கட்டியிருக்கிறேன். ஆனால் அங்கே ரெக்கார்டு பாடும், நான் வாயைத் திறக்கவேண்டியதில்லை. இரங்கல் கூட்டம் என்றால் மட்டும், "நீயே நாலு வார்த்தை பேசிடுப்பா, கொரல் நல்லா கீது" என்பார்கள்.

ஆக, நாற்பத்து மூன்று வயது வரை நான் பொதுவில் பேசியதெல்லாம் இறந்துபோனவர்களைப் பற்றித்தான். அதில் ஒரு சௌகரியம் உண்டு. சம்பந்தப்பட்டவர் எழுந்து வந்து குறை சொல்லமாட்டார்.

இப்படிப்பட்டவனிடம்தான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சைவ ஓட்டல் முதலாளி வந்து, தன் கடைச் சர்வர் ஓய்வு பெறுகிறார், பிரிவு உபசார விழா வைக்கிறேன், பாராட்டுரை உன்னுடையது என்றார்.

"உயிரோட இருக்கறவரப் பத்தி நான் பேசனதே இல்லீங்களே" என்றேன்.

"வித்தியாசம் இன்னா? இவரு மேடையில உக்காந்துகினு இருப்பாரு. அவ்ளோதான்."

அந்தச் சர்வரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் 'சர்வரே', எங்களுக்கு 'அண்ணே'. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஓட்டலின் தரையைக் காலால் தேய்த்தவர். அவரும் யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சரக்கு மாஸ்டரைப் பார்த்து, "ஃபேனுக்கு அடியில ரெண்டு சாதா, ஒண்ணு முறுவலா" என்று குரல் கொடுப்பார். நாம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு கல்லாவுக்கு நடந்தால் பின்னாலேயே, "மஞ்ச சட்ட, நாலு இட்லி ஒரு காபி" என்று கணக்கு நமக்கு முன்னால் போய்ச் சேரும். அவருக்கு ஊர் என்பது மேஜைகளும் சட்டை நிறங்களும்தான். நான் பேஸின் பக்கத்து மேஜை. எச்சில் இலை வாசம் அடிக்கும் இடம் என்றாலும் காற்று வரும்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு காலையில் பொங்கலை வைத்துவிட்டு அவர் நகரவில்லை. சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"தம்பி, நீதான் பேசறியாமே?"

"ஆமாண்ணே. அதான் மூணு நாளா வவுறு சரியில்ல."

"ஒரே ஒரு ஒவகாரம் பண்ணு. அன்னிக்கி மேடையில என்ன 'நம்மாளு'ன்னு யாரும் சொல்லக் கூடாது. சொல்ல வுட்டுடாத."

எனக்குப் புரியவில்லை. அவர் சாம்பாரை ஊற்றுகிற சாக்கில் இன்னும் குனிந்தார்.

"என் வூட்ல ரெண்டு சங்கமும் கீது தம்பி. நான் ஒண்ணு, அவ ஒண்ணு."

அது எப்படிப்பட்ட காலம் என்று சொன்னால்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டுப் பஸ்ஸை நிறுத்தியிருந்த வருஷங்கள். கேட்டவர்களுக்கு ஒரு சங்கம், கேட்டால் கொடுத்துவிடுவதா என்றவர்களுக்கு ஒரு சங்கம், எங்களை ஏன் விட்டீர்கள் என்றவர்களுக்கு ஒரு சங்கம். எல்லாக் கூட்டத்துக்கும் நான்தான் குழாய் கட்டினேன். ஒரே குழாயில் நேற்று ஒருவர் ஏசியதற்கு இன்று இன்னொருவர் பதில் ஏசுவார். குழாய்க்கு மானம் கிடையாது என்பதால் வெடிக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் தெரிந்த முகமாகப் பார்த்து உட்காரும் பழக்கம் வந்திருந்தது. சில ஊர்ப் பக்கம் கூரை எரிந்த சேதியும் வந்துகொண்டிருந்தது.

சர்வருக்கு ஊர் களமருதூர்ப் பக்கம். அந்தப் பக்கத்துக்காரர்தான் கடைவீதியில் உரக்கடை வைத்திருந்தவர், ஒரு சங்கத்துக்குத் தலைவர். நம் ஊர், நம் ஜனம், முப்பது வருஷ உழைப்பாளி என்று சங்கத்தின் சார்பில் பொன்னாடை போர்த்த அவர் தயாராக இருந்தார். அவர் நினைத்ததில் தப்பில்லை, சர்வர் அவருடைய ஜனம்தான்.

சர்வரின் மனைவிக்கு ஊர் மணலூர்பேட்டைப் பக்கம். இரண்டு பேரும் யாருக்கும் சொல்லாமல் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்து, வாடகைக்கு வீடு தேடியபோது, வீட்டுக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார். அந்த அம்மா, "உங்காளுங்கதாங்க" என்று தன்னுடையதைச் சொல்லியிருக்கிறார். அதுவும் பொய்யில்லை. பாதிதான் உண்மை, அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரர்தான் இப்போது எதிர்ச் சங்கத்தின் தலைவர். அவரும் ஒரு பொன்னாடை வாங்கி வைத்திருந்தார்.

"ஒரே மேடையில ரெண்டு பேரும் 'நம்மாளு'ன்னு சொன்னா கத இன்னா ஆவும்?" என்றார் சர்வர். "நாங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுகினது கூட ரசத்துல உப்பு ஜாஸ்தி கம்மின்னுதான். இந்த வயசுல வூட்டக் காலி பண்ணிகினு எங்க போறது? எவன் குடுப்பான் இப்ப?"

"மொதலாளிகிட்ட சொல்லி பொன்னாடையே வேணாம்னு..."

"பொன்னாட இல்லாத பிரிவு உபசாரமா? நெய் இல்லாத பொங்கல் மாரி." என் இலையைப் பார்த்தார். "துன்னு, ஆறிப்போச்சு."

அன்றைக்கு அந்தப் பொங்கல் எனக்கு இறங்கவில்லை. முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றேன். பயந்தாலும் முந்திரியை விடுகிற ரகம் நானில்லை.

பிரிவு உபசாரத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பாராட்டுரை, வாழ்த்துமடல் வாசித்தல், பொன்னாடை, பரிசு, ஏற்புரை, நன்றியுரை. பாராட்டுரைக்குள்ளும் ஒழுங்கு உண்டு. முதலில் விளிப்பு: தலைவர் அவர்களே, விழா நாயகர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே. பிறகு எப்போது வேலைக்கு வந்தார், எப்படி உழைத்தார், சிரிக்க ஒரு சம்பவம், கண் கலங்க ஒரு சம்பவம், வீட்டம்மாவுக்கு ஒரு நன்றி, நீடூழி வாழ்க. இதெல்லாம் பேச்சு. ஆபத்து இதில் இல்லை. ஆபத்து அதற்குப் பிறகு வருகிற ஒரே ஒரு வார்த்தையில் இருக்கிறது: 'சார்பில்'. பொன்னாடை போர்த்துகிறவர் மேடைக்கு வரும்போது மைக்கில் இருப்பவன், "இப்பொழுது இன்னாரின் சார்பில் பொன்னாடை அணிவிக்கப்படுகிறது" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் போர்த்தியதாகவே கணக்கில்லை. துணி கொடுத்ததாகத்தான் கணக்கு. கிராக்கியே அந்த வார்த்தைக்குத்தான்.

மைக்கில் இருக்கப் போகிறவன் நான்.

இரண்டு நாளும் வீட்டில் பெட்ரூம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். என் மனைவி கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "யாரு போயிட்டாங்க?" என்றாள்.

"யாரும் போவல. பாராட்டுறேன்."

"பாராட்டற மாரி இல்லியே. பாட கட்டற மாரி கீது."

விழா ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து சாயங்கால டிபன் தொடங்குவதற்கு நடுவில். ஓட்டலுக்குள்ளேயே வைத்தார்கள். மேஜைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கல்லாவுக்கு முன்னால் இரண்டு பெஞ்சைச் சேர்த்து மேலே ஜமுக்காளம் விரித்து மேடை. குழாய் ஒன்றை வாசல் நிலைக்கு மேலே கட்டினேன். ஆம்ப்ளிபயரை என் காலடியில் வைத்துக்கொண்டேன். அதன் குமிழ் என் கட்டைவிரலுக்கு எட்டும். ஏன் அப்படி வைத்தேன் என்று கேட்டால், தொழில் பழக்கம். உலகத்தில் எதுவும் என் கைக்குள் இல்லாதபோது ஆம்ப்ளிபயராவது கால்விரலுக்குள் இருக்கட்டும்.

ஜனம் வந்தது. வந்தவர்கள் தாமாகவே அவரவர் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். உரக்கடைக்காரர் ஃபேனுக்கு அடியில், அவர் ஆட்கள் சுற்றி. வீட்டுக்காரர் சாமி படத்துக்குக் கீழே, அவர் ஆட்கள் சுற்றி. மலைக்குப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்வராயன்மலைக்காரர்கள் சிலர், கூட்டத்தைப் பார்த்து என்னமோ ஏதோ என்று உள்ளே வந்து சன்னலோரம் அமர்ந்தார்கள். அவர்கள் இடமும் அதுதான். பஸ் கிளம்பினால் தெரியவேண்டுமல்லவா. சர்வரின் மனைவி முன்வரிசையில் மடியில் ஒரு துணிப்பையோடு இருந்தார். இரண்டு தலைவர்கள் கையிலும் கண்ணாடிக் காகிதம் சுற்றிய பொன்னாடை இருந்தது. அந்தக் காகிதம் கசங்குகிற சத்தம் என் காதில் மட்டும் இடி மாதிரி விழுந்தது.

சர்வருக்குச் சம்பங்கி மாலை. மேடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், எந்த நிமிஷமும் எழுந்துகொள்ளத் தோதாக.

முதலாளி தலைமையுரை முடித்து என்னைக் கூப்பிட்டார். எழுந்தேன். விளிப்பை ஒழுங்காகச் சொல்லிவிட்டேன். அதில் தைரியம் வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"நம் அனைவரின் அன்பையும் பெற்ற சர்வர் அவர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஓட்டலில் பணியாற்றி, இன்று நம்மை விட்டுப் பிரிந்தார். அன்னாரின்..."

கூட்டத்தில் ஒரு 'க்ளுக்'. கண்ணைத் திறந்தேன். அன்னார் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓடுகிற ரெக்கார்டை நடுவில் எப்படி நிறுத்துவது? முள் அதுபாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிற்று.

"அன்னாருக்கு நாம் அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி..."

எழுந்து நின்றுவிட்டார்கள். அதுதான் விசேஷம். அந்த வருஷங்களில் எங்கள் ஜனத்துக்குக் கூட்டம் அவ்வளவு பழகிப்போயிருந்தது. மைக்கில் 'எழுந்து' என்று வந்தால் முதலில் எழுவார்கள், பிறகுதான் எதற்கு என்று யோசிப்பார்கள். உரக்கடைக்காரர் நின்றார், வீட்டுக்காரர் நின்றார், மலைக்காரர்கள் நின்றார்கள், முதலாளி நின்றார். மற்றவர்கள் எழுவதைப் பார்த்து, யாருக்கோ என்னவோ தேவை என்று நினைத்துச் சர்வரும் எழுந்தார். முதலாளி அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். ஓட்டல் மொத்தமும் நிற்க, அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒரு கம்பி சேர்ந்தது.

"செலுத்துகிறோம் என்று நினைத்துவிட வேண்டாம்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இத்தனை வருஷம் நாம உட்கார்ந்திருந்தோம், இவர் நின்னார். இன்னிக்கு ஒரே ஒரு நிமிஷம் இவர் உட்காரட்டும், நாம நிக்கலாம். அதுக்குத்தான் எழுப்பினேன்."

கைதட்டல் குழாயைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்டு வரை போனது. அது நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த உத்தி என்று ஊரில் பாதிப் பேர் இன்றும் நம்புகிறார்கள். நான் மறுப்பதில்லை. மீதிப் பாதிப் பேர் என்னை 'அன்னார்' என்று கூப்பிடுகிறார்கள். அதையும் மறுக்க முடிவதில்லை.

அதன் பிறகு பேச்சு வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு கையில் நான்கு டபரா காபியோடு அவர் வருவதைச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணின் அப்பா, "இன்னா கீது?" என்று மிடுக்காகக் கேட்க, இவர் இட்லியில் தொடங்கி மூச்சு விடாமல் அடுக்கி, கடைசியில், "இதுல இட்லி மட்டுந்தாங்க இருக்கு" என்று முடித்ததைச் சொன்னேன். சிரிப்புக்கு அது. அடுத்தது கலங்க வைக்க வேண்டிய சம்பவம். அதுதான் சிக்கல். எனக்குத் தெரிந்த நல்ல சம்பவம் சாலை மறியல் நடந்த வாரத்தது. மறியல் என்ற சொல்லை எடுத்தால் ஃபேனுக்கு அடியில் ஒரு பக்கம் நிமிரும், சாமி படத்துக்குக் கீழே ஒரு பக்கம் முறைக்கும்.

"பஸ் வராத வாரம்னு ஒண்ணு இருந்துதே" என்றேன். "ஏன் வரலைன்னு நான் சொல்லப் போறதில்லை. டிரைவருக்குக் காய்ச்சல்னு வெச்சிக்குவோம்."

இரண்டு பக்கமும் சிரித்துவிட்டார்கள். சிரித்தது தெரியாமலிருக்க இரண்டு தலைவர்களும் இருமினார்கள்.

"அந்த வாரம் முதலாளி முன்கதவைச் சாத்திட்டார். மலைக்குப் போகமுடியாம புளி மூட்டையோட பஸ் ஸ்டாண்டுல கிடந்தவங்களை இவர் பின்கதவு வழியா உள்ளே கூட்டிவந்தார். காய்கறி வரத்து இல்லை. இருந்த அரிசியில கஞ்சி, இருந்த புளியில துவையல். அந்தப் பின்கதவால வந்தவங்க மலைக்காரங்க மட்டும் இல்லை. யார் யார்னு நான் சொல்லமாட்டேன். வந்தவங்களுக்கே தெரியும்."

ஃபேனும் சாமி படமும் தரையைப் பார்த்தன. இரண்டு பக்கத்து ஆட்களும் அந்த வாரத்தில் அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள்தான். இந்தப் பக்கத்தார் போன பிறகு அந்தப் பக்கத்தார் என்று நேரம் பிரித்து உள்ளே விட்டதும் சர்வர்தான்.

வீட்டம்மாவுக்கு நன்றி, நீடூழி வாழ்க. பாராட்டுரை முடிந்தது. வாழ்த்துமடலை முதலாளி வாசித்தார். அடுத்தது பொன்னாடை. கண்ணாடிக் காகிதம் பிரிகிற சத்தம் இரண்டு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் கேட்டது. உரக்கடைக்காரர் எழுந்தார். வீட்டுக்காரர் எழுந்தார்.

அப்போது இவர்கள் இருவருக்கும் முன்னால் சன்னலோரத்திலிருந்து ஒரு மலைக்காரர் விறுவிறுவென்று வந்துவிட்டார். பஸ் வராத வாரத்தில் கஞ்சி குடித்தவராம். பேச்சில் அது வந்ததும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து உதறினார். புதுத் துண்டில்லை, தோய்த்த துண்டு.

தொழில் பழக்கத்தில் அவரிடம் கேட்டேன்: "யார் சார்புலன்னு சொல்லட்டும்?"

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். திரும்பிக் கையைக் காட்டினார்.

"நானு அந்தச் சன்னலாண்ட குந்துவன்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எந்தத் திட்டமும் இல்லை. முள் வரியை ஓட்டியது, அவ்வளவுதான்.

"இப்பொழுது சன்னலோர மேஜையின் சார்பில் பொன்னாடை அணிவிக்கப்படுகிறது."

கூட்டம் தட்டியது. சர்வர் என்னைப் பார்த்தார். அன்று சாம்பார் வாளியோடு என் இலைக்குக் குனிந்தவரின் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கே விளங்கியது நான் செய்தது என்னவென்று. பயத்தில் உளறியதை இனி தெரிந்தே செய்தால் போதும்.

உரக்கடைக்காரர் மேடை ஏறினார். "இப்பொழுது ஃபேனுக்கு அடி மேஜையின் சார்பில்..." என்றேன்.

அவர் மைக்குக்குப் பக்கவாட்டில் சாய்ந்து, "யோவ், சங்கத்தின் சார்பில்னு சொல்லுய்யா" என்றார்.

"அண்ணே, இன்னிக்கி மேஜக் கணக்கு. சர்வர் விழா இல்லீங்களா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. குடு, நானே சொல்லிக்கறேன்" என்று மைக்கைப் பிடுங்கினார். "பெரியோர்களே, இவரு யாருன்னா, நம்ம..."

என் கால் கட்டைவிரல் ஆம்ப்ளிபயர் குமிழைத் திருகியது. கையால் மைக்கின் கழுத்தைக் குழாய்ப் பக்கம் லேசாகத் திருப்பினேன். மைக்கும் குழாயும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்று மைக்செட்காரனுக்குத் தெரியும். 'கூ...' என்று ஓர் ஊளை. கூட்டம் காதைப் பொத்தியது. பஸ் ஸ்டாண்டில் நாய் ஒன்று பதில் சொன்னது.

"மைக்கு உங்களுக்குப் பழக்கம் இல்லீங்க, அதான்" என்று பணிவாக வாங்கிக்கொண்டேன். குமிழைத் தணித்தேன். மைக் பசு மாதிரி ஆயிற்று. "ஃபேனுக்கு அடி மேஜையின் சார்பில்."

பின்னாலிருந்து அவருடைய ஆட்களே, "ஃபேன் மேஜைக்கு ஒரு கைதட்டு" என்று குரல் கொடுத்தார்கள். தட்டல் வந்தால் எந்தத் தலைவரும் கோபத்தை ஒத்திவைப்பார். போர்த்திவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

வீட்டுக்காரர் ஏறினார். அவர் மைக்கைக் கேட்கவில்லை, ஊளையைப் பார்த்திருந்தார். சர்வரிடம் மட்டும் குனிந்து, "இன்னா, நம்மாளுன்னு ஒரு வார்த்த சொல்ல வுட மாட்டான் போலருக்கே இவன்" என்றார். அது மைக்கில் விழவில்லை. மேடையில் இருந்த எங்கள் மூவருக்கும் மட்டும் கேட்டது. அவர் குனிந்ததைப் பார்த்தே முன்வரிசையில் அந்த அம்மா துணிப்பையை இறுக்கிக்கொண்டார்.

"சாமி படத்து மேஜையின் சார்பில்" என்று கூடுதல் சத்தமாக அறிவித்தேன். கைதட்டல் ஃபேன் மேஜையைவிட ஒரு பிடி அதிகமாக வரும்படி அவர் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு விழா என் கையில் இல்லை. பேஸின் மேஜை வந்தது, வாசல் மேஜை வந்தது, நின்றுகொண்டே காபி குடிக்கிறவர்கள், "எங்களுக்கு மேஜ இல்லியே" என்று தகராறு செய்து, 'தூணோரம்' என்று ஒரு மாலை போட்டார்கள். எந்த மேஜைக்கு எவ்வளவு தட்டல் என்று போட்டி. ஊர் அவ்வளவு காலம் போட்டுக்கொண்ட சண்டைகளில் இது ஒன்றுதான் செலவில்லாதது.

ஏற்புரைக்குச் சர்வரைக் கூப்பிட்டேன். மைக்கைப் பார்த்தார், எங்கள் எல்லோரையும் பார்த்தார். கழுத்து வரை துணி. மைக் கம்பியைச் சாம்பார் வாளி மாதிரி பிடித்துக்கொண்டார். நான் பயந்த அளவு பயந்த ஓர் ஆளை அன்றுதான் பார்த்தேன், ஆறுதலாக இருந்தது. கடைசியில் இலைக்கு இலை நின்று முப்பது வருஷம் கேட்டதையே கேட்டார்.

"வேற?"

கூட்டம் சிரித்துத் தட்டியது. நன்றியுரை என்று நான் மைக்கைத் திருப்பியபோது, முன்வரிசையில் அந்த அம்மா எழுந்தார். துணிப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். பொன்னாடை இல்லை, பச்சைக் கோடு போட்ட, முகம் துடைக்கிற டர்க்கி துண்டு. சால்வை எல்லாம் இவருக்கு எதற்கு, வியர்வை துடைக்க ஆகுமா என்று நினைத்து வாங்கியிருப்பார். ஒழுங்குப்படி மனைவி பொன்னாடை போர்த்துகிற வழக்கம் எந்தப் பிரிவு உபசாரத்திலும் கிடையாது. ஆனால் அன்று ஒழுங்கு என்று எதைச் சொல்வது.

மேடை ஏறினார். இருந்த சால்வைகளுக்கெல்லாம் மேலே துண்டைப் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். நான் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு தணிந்த குரலில் கேட்டேன்.

"யார் சார்புலன்னு சொல்லட்டும்மா?"

அந்த அம்மா ஃபேன் பக்கம் பார்க்கவில்லை, சாமி படத்துப் பக்கமும் பார்க்கவில்லை. கணவர் நெற்றியில் வழிந்த வியர்வையை அந்தத் துண்டு நுனியாலேயே ஒற்றினார்.

"வூட்டு சார்புலன்னு சொல்லு தம்பி."

சொன்னேன். என் குரலில் அதற்குமுன் அவ்வளவு தெளிவாக எதுவும் வந்ததில்லை. 'அன்னார்' வரவில்லை, மைக் ஊளையிடவில்லை.

விழா முடிந்து நான் குழாயை இறக்கிக்கொண்டிருந்தேன். ஏணிக்குக் கீழே வீட்டுக்காரர் சர்வரையும் அந்த அம்மாவையும் நிறுத்திவைத்திருந்தார். ஏணியிலேயே நின்று காதைத் தீட்டினேன்.

"மழைக்கு முன்னால ஓடு மாத்தலாம்னு கீறேன்" என்றார் வீட்டுக்காரர். "ரெண்டு நாளு சாமானெல்லாம் ஒதுக்கி வெக்கணும். இனிமே நீதான் வூட்ல இருப்பியே, பாத்துக்க."

"பாத்துக்கறேங்க" என்றார் சர்வர்.

அந்த அம்மா கணவர் கழுத்திலிருந்து சால்வைகளை ஒவ்வொன்றாக உருவித் துணிப்பைக்குள் திணித்தார். துண்டை மட்டும் அவர் தோளிலேயே விட்டுவிட்டார். இருவரும் சாலையைக் கடந்தார்கள். மலைக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்தது, சன்னலோர மேஜை ஓடியது.

நான் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு கல்லாவைத் தாண்டும்போது பழக்கத்தில் நின்றேன். பின்னாலிருந்து என் சட்டை நிறமும் காபிக் கணக்கும் வரவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த சர்வர் என்னைப் பார்த்து, "உங்க பேரு இன்னாங்க?" என்று கேட்டார்.

"பேஸின் மேஜ" என்றேன்.